ஜெர்மன் நம்பர் தகட்டோடு லண்டனுக்கு வருபவர்களுக்கு

ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குக் குடிபெயரும் நம் ஆட்கள் பலர் காரையும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "காப்புறுதி இன்னும் எட்டு மாதம் இருக்குது, பிறகு பாப்பம்" என்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மன் காப்புறுதியில் எதிராளிக்கான பகுதி இங்கிலாந்திலும் செல்லும். ஆனால் அது வந்து போகிறவருக்கானது. நீங்கள் இங்கே குடியிருக்க வந்தவர் என்றால் காரை உடனே வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயில் பதிய வேண்டும். பதியும்வரை முன்பே நேரம் குறித்த எம்ஓடி எனும் வாகனத் தகுதிச் சோதனைக்கோ அங்கீகாரச் சோதனைக்கோ போய் வர மட்டும்தான் ஓட்டலாம். கடைக்கோ பள்ளிக்கோ அல்ல.

டோட்முண்டிலிருந்து வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கார் ஏழு வருடப் பழசு, ஸ்டியரிங் இடது பக்கம். கார் இறங்கி 14 நாட்களுக்குள் வரித்துறைக்கு கார் வந்ததைச் சொல்லும் நோவா அறிவிப்பு போக வேண்டும். வரிச்சலுகை கேட்பதென்றால் விண்ணப்பம் அதற்கும் முன்னால், புறப்படும்போதே. இதற்கிடையில் காப்புறுதி தேடினால், இணையத்தில் எல்லோரும் கேட்பது இங்கிலாந்து நம்பர். அது இன்னும் வரவில்லையே! ஆகவே தொலைபேசியில் அழையுங்கள். இறக்குமதி கார்களை எடுக்கும் புரோக்கரிடம் 17 எழுத்தும் இலக்கமும் உள்ள சேஸி நம்பரைச் சொன்னால் அதை வைத்தே காப்புறுதி போட்டுத் தருவார்கள். இடது ஸ்டியரிங் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தது விபத்தன்றுதான் தெரியவரும்.

புதுத் தகடு வந்த அன்றே புரோக்கருக்கு மறுபடி அழைத்து நம்பரை மாற்றச் சொல்லுங்கள். நான் அதை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பொலிஸ் கமரா பார்ப்பது காப்புறுதித் தரவுத்தளத்தில் உள்ள நம்பரைத்தான், என் பைக்குள் இருந்த கடிதத்தை அல்ல. தெருவோரம் நாற்பது நிமிடம் நின்று, புரோக்கரோடு பொலிஸ்காரரைப் பேசவைத்த பிறகே விட்டார்கள். உண்மையிலேயே காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டும் 6 புள்ளியும். காரையும் தூக்கிக்கொண்டு போகலாம். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாத பிள்ளைக்கு அந்த 6 புள்ளியோடு லைசென்ஸே போய்விடும்.

ஜெர்மன் காப்புறுதியை முன்கூட்டியே வெட்டிவிடாதீர்கள். இங்குள்ளது தொடங்கிய திகதியைப் பார்த்த பிறகு நிறுத்துங்கள். நிறுத்தும்போது விபத்தில்லாமல் ஓட்டிய வருடங்களுக்கான கடிதத்தை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லா நிறுவனமும் ஏற்காது, ஏற்கும் இடத்தில் பிரீமியம் நன்றாகவே இறங்கும்.

மகன் ஓட்டும் காருக்கு அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவது நம்மிடையே சர்வசாதாரணம். இங்கே அது மோசடி. பிடிபட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம், அடுத்த நிறுவனத்திடமும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.