ஆர்க்காடும் ஏற்காடும்: தமிழ்த் தேடலில் எழுத்துப்பிழையைப் பிடிக்கப் போய் நான் செய்த தவறுகள்

வேலூரில் நண்பர் ஒருவர் பார்சல் கடை வைத்திருக்கிறார். அவருக்காக ஊர்ப் பெயர் தேடும் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, அணைக்கட்டு, பள்ளிகொண்டா என்று சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. முதல் வாரமே தெரிந்துவிட்டது, பட்டியலில் எழுதியிருக்கிற மாதிரி யாரும் தட்டுவதில்லை. ஆர்க்காடு, ஆர்காடு, குடியாதம், அணகட்டு, கனியம்பாடி என்றுதான் வந்துகொண்டிருந்தது. சரி, ஒலி ஒப்பீடும் என்-கிராமும் போட்டால் முடிந்தது என்று இறங்கினேன். முடியவில்லை. ஒரு நாள் ஏற்காடு என்று தட்டியவருக்கு என் பெட்டி, ஒரு வார்த்தை கேட்காமல், ஆற்காட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. சேலம் மலைக்குப் போக வேண்டிய பொட்டலம் பாலாற்றங்கரையில் போய் நின்றது.

அது ஏன் நடந்தது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் அதைவிடச் சின்னப்பிள்ளைத்தனமான தவறு ஒன்று, அநேகமாக எல்லாரும் செய்வது: எதை எழுத்து என்று எண்ணுகிறோம் என்பதில் கோட்டை விடுவது. வேலூர் என்பது நமக்கு மூன்று எழுத்து. பைத்தானில் `len("வேலூர்")` கேட்டால் 6 என்று சொல்லும், ஏனென்றால் ஏகாரக் குறி, ஊகாரக் குறி, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். அதோடு நின்றால் பரவாயில்லை, சொற்களைப் பிரிக்க `re.findall(r"\w+", "தமிழ்")` என்று போட்டால் `['தம', 'ழ']` வருகிறது. உயிர்க்குறியும் புள்ளியும் அந்த `\w` கணக்கில் எழுத்தே இல்லை! பிழை எதுவும் திரையில் வராது, தேடலும் ஏதோ வேலை செய்கிற மாதிரியே இருக்கும், அதனால்தான் இது பல நாள் கண்ணில் படாமல் கிடக்கும். `regex` என்ற தனித் தொகுப்பை நிறுவி `\X` போட்டால் வே, லூ, ர் என்று சரியாகப் பிரியும்.

இன்னொன்று, ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய பட்டியலில் இது நிறைய இருக்கும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் `NFC` என்ற யூனிகோட் சீராக்கத்தைப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் அதை `NFC` தொடாது, நீங்களேதான் விதி எழுத வேண்டும்.

இப்போது ஏற்காட்டுக் கதை. சொல்லை அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளாக வெட்டி, எத்தனை துண்டு பொதுவாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஈரெழுத்து என்-கிராம். சொல்லின் தொடக்கத்துக்கு ^, முடிவுக்கு $ என்று வைத்துக்கொள்வோம். ஆற்காடு என்பது ^ஆ, ஆற், ற்கா, காடு, டு$ என்று ஐந்து துண்டு. ஆர்க்காடு என்பது ^ஆ, ஆர், ர்க், க்கா, காடு, டு$ என்று ஆறு. பொதுவானவை மூன்று. டைஸ் கணக்குப்படி பொதுத் துண்டுகளை இரட்டித்து மொத்தத் துண்டுகளால் வகுத்தால் 6/11, அதாவது 0.55. இனி ஏற்காடு: அதற்கும் ஐந்து துண்டு, ஆற்காட்டோடு ற்கா, காடு, டு$ மூன்றும் பொது, 6/10, அதாவது 0.6.

ஒரே ஊரின் இரண்டு எழுத்துக்கூட்டலுக்கு 0.55, வேறு வேறு ஊருக்கு 0.6. நான் 0.5 என்று எல்லை வைத்திருந்தேன். எல்லையை எங்கே நகர்த்தினாலும் இது தீராது. ஆர்க்காட்டை உள்ளே விட்டால் ஏற்காடும் கூடவே நுழையும். பட்டியலில் ஏற்காடு இருந்திருந்தால் அது தனக்குத்தானே 1 வாங்கி முன்னால் நின்றிருக்கும். நண்பர் கடை அந்த ஊருக்கு அனுப்புவதில்லை என்பதால் பட்டியலில் இல்லை, அதனால் இருப்பதில் கிட்டத்தில் உள்ளதை அது பிடித்துக்கொண்டது. மூன்றெழுத்துத் துண்டு போடலாம் என்பார்கள். நம் ஊர்ப் பெயர்கள் நாலைந்து எழுத்துதான், அதில் மூன்று மூன்றாக வெட்டினால் ஆற்காட்டுக்கும் ஆர்க்காட்டுக்கும் காடு$ ஒன்றுதான் மிஞ்சுகிறது, 0.22. ஆங்கிலச் சொல்லுக்குப் பழகிய மூன்றை அப்படியே இங்கே கொண்டுவருவதும் ஒரு தவறுதான்.

ஆர்க்காடு கைப்பிழை இல்லை, ஒலிப்பிழை. அதைக்கூடப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பெயர்ப்பலகையிலேயே இரண்டு விதமாகவும் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒலிச் சாவிதான் சரி. அதாவது, காதுக்கு ஒன்றாகக் கேட்பவற்றை ஒரே எழுத்தாக்கி, இரண்டு பக்கமும் அதே சாவியால் ஒப்பிடுவது.

இங்கேதான் அடுத்த பள்ளம். ஆங்கிலப் பெயர்களுக்கான சவுண்டெக்ஸ் முறை 1918இல் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற உயிர்களைக் கழற்றிவிடும். அதையே தமிழுக்குப் போட்டு லகர ளகர ழகரத்தையும் ஒன்றாக்கினால் பல், பால், புல், புலி, புளி, பள்ளி எல்லாம் ஒரே சாவியில் விழும். தமிழில் உயிரைத் தூக்கி எறியக் கூடாது. குறில் நெடிலை மட்டும் ஒன்றாக்கினால் போதும், ஏனென்றால் தட்டும்போது தவறுவது அதில்தான். தமிழ்99 விசைப்பலகையில் அகரத்துக்கு நேர் மேலே ஆகாரம், இகரத்துக்கு மேலே ஈகாரம், விரல் ஒரு வரிசை தவறினாலே மாறிவிடும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குபவர்களுக்கோ ல-ள, ன-ண எல்லாம் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம்தான்.

நான் கடைசியில் வைத்திருக்கும் சாவி இவ்வளவுதான்:

```python
import re, unicodedata
PAIRS = [("ற்ற","த்த"), ("ற","ர"), ("ள","ல"), ("ழ","ல"),
  ("ண","ன"), ("ந","ன"),
  ("ஆ","அ"), ("ஈ","இ"), ("ஊ","உ"), ("ஏ","எ"), ("ஓ","ஒ"),
  ("\u0bbe",""), ("\u0bc8",""), ("\u0bc0","\u0bbf"),
  ("\u0bc2","\u0bc1"), ("\u0bc7","\u0bc6"), ("\u0bcb","\u0bca")]
def key(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    for a, b in PAIRS:
        s = s.replace(a, b)
    return re.sub(r"(.)\u0bcd\1", r"\1", s)
```

ஆற்காடு, ஆர்க்காடு, ஆர்காடு மூன்றும் "அர்கடு" ஆகின்றன. ஏற்காடு "எர்கடு" ஆகித் தனியே நிற்கிறது. ஐகாரத்தை அகரமாக்கியதால் அணகட்டும் அணைக்கட்டோடு சேர்ந்துவிட்டது. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ற்ற என்பதை நாம் பேசும்போது த்த என்றுதான் சொல்கிறோம், காற்று காத்து, நேற்று நேத்து. அந்த விதி முதலில் ஓட வேண்டும். றகரத்தை ரகரமாக்கும் விதி முந்திக்கொண்டால் ற்ற என்பது ர்ர ஆகிவிடும், பாலாற்று என்பதும் பாலாத்து என்பதும் கடைசிவரை சந்திக்காது.

கடைசி வரி இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குகிறது. குடியாதம் என்று தட்டியவருக்குக் குடியாத்தம் கிடைப்பது அதனால்தான். ஆனால் பட்டும் படுவும் ஒன்றாகிவிடும் என்பதும் உண்மை. அதனால் சாவி ஒத்துப்போனவற்றில், அப்படியே எழுதியது முதலில், இரட்டிப்பு மட்டும் மாறியது அப்புறம் என்று வரிசைப்படுத்துகிறேன். லகர ளகரத்தை ஒன்றாக்கலாமா என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. உங்கள் பட்டியல் முழுவதையும் சாவிவாரியாகத் தொகுத்துப் பாருங்கள். ஒரே சாவியில் இரண்டு மூன்று வேறு பெயர்கள் குவிந்தால் விதி அதிகமாகிவிட்டது. மளிகைக் கடைப் பட்டியலில் புலி கிடையாது, எனவே புலி என்று தட்டியவருக்குப் புளியைக் கொடுப்பதில் ஒரு வம்பும் இல்லை.

நம்ம பக்கத்துப் பேச்சுக்கு இன்னொரு விதி வேண்டியிருந்தது. முள்ளு கத்தரிக்காய்க்குப் பேர்போன இலவம்பாடியைப் பலர் எலவம்பாடி என்றே தட்டுகிறார்கள். இலை எலையாவதும் குடம் கொடமாவதும் அதே மாற்றம்தான்: முதல் அசையில் இ அல்லது உ இருந்து, அடுத்து ஒற்றை மெய்யும் அ, ஆ, ஐ ஒன்றும் வந்தால், பேச்சில் அது எ, ஒ ஆகிறது. இந்த விதியைச் சாவி செய்வதற்கு முன்பே, அசல் எழுத்தின் மேல் ஓட்ட வேண்டும், முதல் அசையில் மட்டும். நான் முதலில் சோம்பேறித்தனமாகச் சொல் முழுவதும் இகரத்தையும் எகரத்தையும் ஒன்றாக்கிவிட்டு, சம்பந்தமில்லாத பெயர்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகுதான் திருத்தினேன்.

அப்புறம் மிச்சம் நிற்பது உண்மையான கைப்பிழை, அங்கேதான் என்-கிராமுக்கு வேலை. காட்பாடியைக் காட்பிடி என்று தட்டினால் சாவி காப்பாற்றாது. முழு எழுத்தாக வெட்டினால் ஐந்து துண்டில் மூன்றுதான் பொது, 0.6. ஒரு குறி மாறியதற்கு முழு எழுத்தும் அந்நியமாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபடி உயிர்மெய்யைப் பிரித்துப் பாருங்கள்: க், ஆ, ட், ப், ஆ, ட், இ. இப்போது எட்டுத் துண்டில் ஆறு பொது, 0.75. யூனிகோட் குறியீட்டையே துண்டாக்கினால் இதேதானே என்று கேட்கலாம். இல்லை, அங்கே க என்பதில் உள்ள அகரத்துக்குக் குறி கிடையாது, அகரம் இல்லாத க் என்பதற்குத்தான் கூடுதலாகப் புள்ளி. தலைகீழ் கணக்கு. அதில் வேலூரும் அரியூரும் ஊகாரக் குறி, ர, புள்ளி என்ற வாலை வைத்தே 0.4 வாங்கிவிடும், முழு எழுத்தாக வெட்டினால் 0.22தான்.

இந்த வால் நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை. காட்பாடி, கணியம்பாடி, வேலப்பாடி, இலவம்பாடி என்று பாடி பாடியாகப் போனால், பாடி ஒத்துப்போவதற்கு என்ன மதிப்பு? பட்டியலில் அடிக்கடி வரும் துண்டுக்குக் குறைந்த எடை, அரிதாக வருவதற்கு அதிக எடை என்று கொடுக்க வேண்டும்.

உயிர்மெய்யைப் பிரித்த பிறகு ஏற்காட்டுக்கு என்ன ஆனது என்று பார்த்தேன். ஆற்காட்டோடு ஏழில் ஐந்து பொது, 0.71. காட்பிடியின் 0.75க்கு ஒட்டி வந்து நிற்கிறது. ஆகவே எண்ணை நம்புவதை விட்டுவிட்டு, சாவியின் முதல் ஒலி வேறாக இருந்தால் தானாகத் திருத்தவே கூடாது, "இதையா தேடினீர்கள்?" என்று கேட்க மட்டும் செய்யலாம் என்று வைத்தேன். மூன்று எழுத்துக்கும் குறைவாகத் தட்டினால் என்-கிராமை ஓட்டுவதே இல்லை.

சோதிக்க, ஒன்றும் கிடைக்காமல் போன தேடல்களிலிருந்து இருநூறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான ஊரைக் கையால் எழுதி வைத்தேன். அதோடு பட்டியலில் இல்லாத, ஆனால் சரியாகவே எழுதப்பட்ட ஊர்கள் ஒரு இருபதையும் சேர்த்தேன். முதல் தடவை இந்த இருபதை விட்டுவிட்டுத்தான் எல்லாம் பிரமாதம் என்று நினைத்திருந்தேன். இப்போது ஏற்காடு என்று தட்டினால், அந்த ஊருக்கு அனுப்புவதில்லை என்ற வரி வருகிறது, அதன் கீழே சின்னதாக, ஆற்காடா என்ற கேள்வியும்.