பிளஸ் டூ வரலாற்றுத் தேர்வு: 180 நிமிடங்களைப் பங்கிட்டு ஐந்து மதிப்பெண் வினாக்களை எழுதும் முறை

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு படிக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடம் நன்றாகத் தெரிந்தும் கடைசி இரண்டு நெடு வினாக்களை எழுத நேரமில்லாமல் விட்டுவிட்டு வருகிற மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இன்னொரு முறை பாடத்தைப் படிப்பதன்று. கையில் இருக்கும் மூன்று மணி நேரத்தை எங்கே, எவ்வளவு செலவிடுவது என்ற கணக்குதான்.

முதல் படி: வினாத்தாளின் அமைப்பை நேரமாக மாற்றுதல்

எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. இரண்டு மதிப்பெண் வினாக்களில் பத்துக்கு ஏழும், மூன்று மதிப்பெண் வினாக்களில் பத்துக்கு ஏழும் எழுத வேண்டும். 41 முதல் 47 வரையுள்ள ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழிலும் ‘அ அல்லது ஆ’ என்ற தேர்வு உண்டு. 180 நிமிடத்தை 90 மதிப்பெண்ணால் வகுத்தால் மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் என்று வருகிறது. இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றக் கூடாது. ஒரு மதிப்பெண் வினாவுக்கு இரண்டு நிமிடம் தேவைப்படாது. ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் பத்து நிமிடம் போதாது.

ஆகவே ஒரு மதிப்பெண் பகுதி முழுவதற்கும் 15 நிமிடம், ஒவ்வோர் ஐந்து மதிப்பெண் விடைக்கும் 12 நிமிடம், மூன்று மதிப்பெண் விடைக்கு 6, இரண்டு மதிப்பெண் விடைக்கு 4 என்று பங்கிட்டுக்கொள்ளுங்கள். கூட்டினால் 169 நிமிடம் ஆகிறது. சரிபார்ப்பதற்கு 11 நிமிடம் மிஞ்சுகிறது.

வரிசையைப் பற்றி ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வினாத்தாள் வரிசையிலேயே எழுத வேண்டும் என்று பலர் சொல்வார்கள். ஒரு மதிப்பெண் பகுதி முடிந்ததும் ஐந்து மதிப்பெண்ணுக்குப் போய்விட வேண்டும் என்பது என் கருத்து. 90இல் 35 மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. அதைக் கை ஓய்ந்த பிறகு எழுதுவது நட்டம். நேரம் நெருக்கினால் இரண்டு மதிப்பெண் விடையை இரண்டு வரியில் சுருக்கிக் காப்பாற்றிவிடலாம். நெடுவிடையை அப்படிச் சுருக்க முடியாது. இந்த வரிசையில் கடிகாரம் இப்படி ஓடும்: 10:15க்குத் தொடக்கம், 10:30க்கு ஒரு மதிப்பெண் முடிவு, 11:54க்கு ஐந்து மதிப்பெண் முடிவு, 12:36க்கு மூன்று மதிப்பெண் முடிவு, 1:04க்கு இரண்டு மதிப்பெண் முடிவு. இந்த ஐந்து நேரங்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

இரண்டாம் படி: 10:00 முதல் 10:10 வரை

வினாத்தாளைப் படிப்பதற்கென்றே தரப்படும் இந்தப் பத்து நிமிடத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் எல்லாப் பக்கங்களும் சரியாக அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். குறை இருந்தால் அறைக் கண்காணிப்பாளரிடம் உடனே சொல்ல வேண்டும். அடுத்து நேராக 41ஆம் வினாவுக்குப் போய், ஏழு வினாக்களிலும் அ, ஆ ஆகிய இரண்டில் எதை எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். பிடித்த பாடம் எது என்பதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஒன்றோடொன்று கலக்காத ஐந்தாறு கருத்துகள் எந்த வினாவுக்கு அரை நிமிடத்தில் நினைவுக்கு வருகின்றனவோ, அதைத் தேர்ந்தெடுங்கள். பிடித்த தலைப்பில் கதையாகச் சொல்ல நிறைய இருக்கும். ஆனால் எண்ணிப் பார்த்தால் மூன்று கருத்துதான் தேறும்.

பிறகு 30ஆம் வினாவையும் 40ஆம் வினாவையும் படியுங்கள். இவ்விரண்டும் கட்டாய வினாக்கள். இவற்றை எழுதாமல் வேறு ஏழு வினாக்களை எழுதியவருக்கு ஏழு விடைக்கான மதிப்பெண் கிடைக்காது.

மூன்றாம் படி: ஐந்து மதிப்பெண் விடையைக் கட்டுதல்

பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு நிமிடம் யோசிப்பதற்கு, ஒன்பது நிமிடம் எழுதுவதற்கு, ஒரு நிமிடம் படித்துப் பார்ப்பதற்கு. யோசிக்கும் இரண்டு நிமிடத்தை வீண் என்று எண்ணுபவர்கள்தான் பாதி விடையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். “சட்டமறுப்பு இயக்கம் தொடங்கப்பட்டதற்கான காரணங்களையும் அது நடைபெற்ற விதத்தையும் விளக்குக” என்று வினா வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் வினா ஒன்றாகத் தெரிந்தாலும் கேட்கப்பட்டவை இரண்டு: காரணங்கள் ஒன்று, நடைபெற்ற விதம் மற்றொன்று. வினாவிலுள்ள ‘உம்’ என்ற இடைச்சொல்லை இரண்டு இடத்திலும் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாணவர்கள் தண்டி யாத்திரையை ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, காரணங்களை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் எழுதியதில் ஒரு தவறும் இருக்காது. ஆனால் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு கருத்து கருத்தாகத் திருத்துகிற ஆசிரியர், காரணங்களுக்குரிய மதிப்பெண்ணை எங்கே போடுவார்?

யோசிக்கும் நேரத்தில் விடைத்தாளின் ஒரு மூலையில் ‘வரைவு’ என்று தலைப்பிட்டுச் சிறு சொற்களாகக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் ஒரே கோட்டால் அடித்துவிடுங்கள். நம் வினாவுக்கு அந்தக் குறிப்பு இப்படி இருக்கலாம்:

காரணம்: சைமன் குழு – நேரு அறிக்கை, ஓராண்டுக் கெடு – லாகூர், முழு விடுதலை – பதினொரு கோரிக்கை, உப்பு வரி
நடந்தது: தண்டி – வேதாரண்யம் – தராசனா, பெஷாவர் – கைதுகள் – காந்தி-இர்வின்

இப்போது எழுதத் தொடங்கலாம். முன்னுரை என்று தனியாக வேண்டாம். “இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்கது” என்று தொடங்கும் வரிகளுக்கு எந்த விடைக்குறிப்பிலும் மதிப்பெண் இல்லை. முதல் வாக்கியமே விடையாக இருக்கட்டும்:

“இந்தியர் ஒருவர்கூட இடம்பெறாத சைமன் குழு 1928இல் இந்தியா வந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நேரு அறிக்கையை அரசு ஏற்பதற்கு 1928 டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் ஓராண்டு கெடு விதித்தது. அரசு இணங்காததால் 1929 டிசம்பரில் ஜவஹர்லால் நேரு தலைமையில் கூடிய லாகூர் மாநாடு முழு விடுதலையே இலக்கு என்று அறிவித்தது. உப்பு வரி நீக்கம் உள்ளிட்ட பதினொரு கோரிக்கைகளைக் காந்தியடிகள் இர்வின் பிரபுவிடம் முன்வைத்தும் பயனில்லாமற் போகவே, ஏழைகளையும் தாக்கிய உப்பு வரியைப் போராட்டத்தின் மையமாக அவர் தேர்ந்தெடுத்தார்.”

நான்கே வாக்கியத்தில் காரணங்கள் முடிந்துவிட்டன என்பதையும், ஒவ்வொரு வாக்கியமும் ஆண்டு அல்லது பெயர் ஒன்றையாவது தாங்கி நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். அடுத்த பத்தியை ‘இயக்கம் நடைபெற்ற விதம்’ என்ற துணைத்தலைப்பின் கீழ் எழுதுங்கள்: 1930 மார்ச் 12இல் சபர்மதியிலிருந்து 78 பேருடன் புறப்பட்டது, ஏப்ரல் 6இல் தண்டிக் கடற்கரையில் உப்புச் சட்டத்தை மீறியது, தமிழ்நாட்டில் ராஜாஜி தலைமையில் ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்கள் புறப்பட்டது, ஏப்ரல் 30இல் வேதாரண்யத்தில் சட்டத்தை மீறியது, மே மாதத்தில் சரோஜினி நாயுடு வழிநடத்திய தராசனா போராட்டம், பெஷாவரில் கான் அப்துல் கபார் கானின் தொண்டர்கள், காந்தியடிகள் கைது, 1931 மார்ச் 5இல் கையெழுத்தான காந்தி-இர்வின் ஒப்பந்தம். ஒப்பந்தத்தோடு இயக்கம் அப்போதைக்கு நிறுத்தப்பட்டது என்று எழுதினால் விடை தானாக முடிந்துவிடுகிறது, ‘முடிவுரை’ தேவையில்லை.

தேதி உறுதியாக நினைவில்லையென்றால் மாதத்தை எழுதுங்கள். மாதமும் ஐயமென்றால் ஆண்டோடு நிறுத்துங்கள். தவறான தேதி, சரியான கருத்தின் மீதும் திருத்துபவருக்கு ஐயத்தை உண்டாக்கும்.

‘ஒப்பிடுக’ என்று வந்தால் மட்டும் அமைப்பு மாறும். முதல் பக்கத்தில் ஒன்றையும் அடுத்த பக்கத்தில் மற்றொன்றையும் எழுதுவது ஒப்பீடு ஆகாது. நோக்கம், தலைமை, முறை என்று ஒவ்வொரு கூறிலும் இரண்டையும் அருகருகே நிறுத்த வேண்டும்.

எழுத வேண்டிய நீளம் அவரவர் கையைப் பொறுத்தது. வீட்டில் நன்கு தெரிந்த ஒரு விடையை ஒன்பது நிமிடம் வழக்கமான வேகத்தில் எழுதி, எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள். அதுவே உங்கள் ஐந்து மதிப்பெண் விடையின் மேல்வரம்பு. ஒன்றேகால் பக்கம் வருகிறது என்றால், மூன்று பக்கக் குறிப்பேட்டு விடையை மனப்பாடம் செய்வதில் பொருளில்லை. அதை இப்போதே ஒன்றேகால் பக்கமாகச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நேரம் தவறும்போது

பன்னிரண்டு நிமிடம் முடிந்தும் விடை முடியவில்லையென்றால் எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்து, ஐந்து வரி இடம் விட்டு, அடுத்த வினாவைத் தொடங்குங்கள். இது மனத்துக்கு ஒப்பாத செயல்தான். ஆனால் ஒரு விடையின் முதல் மூன்று மதிப்பெண் எளிதில் கிடைக்கும். கடைசி அரை மதிப்பெண்ணுக்காகச் செலவிடும் ஐந்து நிமிடம், எழுதாத இன்னொரு விடையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தரும்.

11:54க்கு ஆறாவது நெடுவிடையில்தான் இருக்கிறீர்கள் என்றால் பதற்றம் வேண்டாம். அதை முடித்ததும், ஏழாவதைத் தள்ளிவைத்து மூன்று மதிப்பெண் பகுதிக்குப் போங்கள். இரண்டு மதிப்பெண் விடைகளை மூன்று நிமிடத்துக்குள், இரண்டு இரண்டு கருத்தாக எழுதினால் ஏழு நிமிடம் மீளும். அதோடு சரிபார்க்கும் நேரத்தில் ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்டு ஏழாவது விடையைப் பத்திகளாக இல்லாமல், ஆண்டும் பெயரும் உள்ள ஆறு தனி வாக்கியங்களாக எண்ணிட்டு எழுதுங்கள். வெறும் சொற்களாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதுவது முக்கியம். ‘லாகூர் மாநாடு’ என்ற சொல் மட்டும் எதையும் விளக்கவில்லை.

ஐந்தாம் படி: கடைசி பதினொரு நிமிடம்

இந்த நேரத்தில் விடைகளை முதலிலிருந்து படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். வினா எண்களை மட்டும் வினாத்தாளோடு ஒப்பிடுங்கள். பகுதிகளை வரிசை மாற்றி எழுதியிருப்பதால் 41 அ, 41 ஆ என்ற குறி தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது மிகவும் தேவை. ஒரு மதிப்பெண் விடைகளில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது வினாத்தாளிலேயே அச்சாகியிருக்கும். வெறும் ‘ஆ’ என்று எழுதியிருந்தால் அருகில் விடையையும் எழுதுங்கள். பிறகு விட்டுவைத்த ஐந்து வரி இடங்களுக்குத் திரும்பலாம். அடிக்கோடு போட நேரமிருந்தால் ஆண்டுகளுக்கும் துணைத்தலைப்புகளுக்கும் மட்டும் போடுங்கள். அதற்கும் நீலம் அல்லது கருப்பு மையைத்தான் பயன்படுத்த வேண்டும், பச்சையும் வண்ணப் பேனாவும் கூடாது. கூடுதல் தாள் வாங்கியிருந்தால் அது வரிசை மாறாமல் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடைத்தாளைக் கண்காணிப்பாளரிடம் கொடுங்கள்.