மேலிருந்து எடுக்கும் ரீல்ஸ்: வீடியோ படுத்துப்போவதும் விலை மறைந்துபோவதும்

தயிர்ச் சட்டிக்குள் கித்துள் பாணி ஊற்றுவது, பிட்டு அவிப்பது, பாய் இழைப்பது, மருதமுனைச் சாரத்தின் கரையை விரித்துக் காட்டுவது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டிலிருந்து வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தேவைப்படும் வீடியோக்களில் பல இப்படி நேர் மேலே போனைப் பிடித்து எடுக்க வேண்டியவை. நிமிர்த்தி எடுக்கும் வீடியோவில் அதிகம் பிழைத்துப்போகும் காட்சியும் இதுதான். ஒன்றில் முழு வீடியோவும் பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும், இல்லையென்றால் சட்டி நன்றாகத் தெரிந்தும் விலையும் போன் இலக்கமும் பட்டன்களுக்குப் பின்னால் போய்விடும். இரண்டுக்கும் காரணம் உண்டு. இரண்டையும் எடுக்கும் முன்பே தடுக்கலாம்.

பூட்டுப் பட்டனை நம்புவது

மேலிருந்து இழுத்தால் வரும் பட்டன்களில் திரை சுழலாமல் பூட்டும் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வீடியோவும் நிமிர்ந்தே பதிவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பூட்டுவது திரையை மட்டும். ஐபோனின் கமரா அந்தப் பூட்டைப் பார்ப்பதே இல்லை, பெரும்பாலான ஆண்ட்ராய்ட் கமராக்களும் அப்படித்தான். போன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை உள்ளே இருக்கும் ஈர்ப்பு உணரி சொல்கிறது. பதிவுப் பட்டனை அழுத்தும் கணத்தில் அது என்ன சொன்னதோ, அதுவே வீடியோவின் திசையாக கோப்பில் எழுதப்படும்.

போன் நிமிர்ந்து நிற்கும்போது உணரிக்குக் குழப்பமில்லை, புவியீர்ப்பு போனின் அடிப்பக்கமாக இழுக்கிறது. ஆனால் போனை மேசைக்கு மேலே மட்டமாகப் பிடித்துவிட்டால் ஈர்ப்பு முழுவதும் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் போகிறது. எது மேல், எது கீழ் என்று சொல்ல உணரியிடம் எதுவும் இல்லை. அப்போது போன் கடைசியாக அறிந்திருந்த திசையையே வைத்துக்கொள்ளும். ஸ்டாண்டின் பிடியில் போனைச் செருகும்போது ஒரு முறை பக்கவாட்டில் சாய்த்திருப்போம், அந்தச் சாய்வே கடைசித் திசையாகிவிடும். படுத்துப்போன வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

திருத்துவது இலகு. கமராவைத் திறந்து வீடியோவுக்கு மாற்றிய பிறகு, ஸ்டாண்டின் கையை போனின் அடிப்பக்கம் தாழும்படி நன்றாகச் சாயுங்கள். திரையில் பிளாஷ் போன்ற சிறு ஐகன்களைக் கவனியுங்கள். அவை நிமிர்ந்து நின்றால் திசை சரி, பக்கவாட்டில் திரும்பியிருந்தால் பிழை. நிமிர்ந்த பிறகு பதிவைத் தொடங்கி, அதன் பின் கையை மெதுவாக மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் சில செக்கன்கள் வீணாகும், எடிட் செய்யும்போது வெட்டிவிடலாம். பதிவு தொடங்கிய பின் போன் எப்படிச் சாய்ந்தாலும் திசை மாறாது.

அந்தக் கடைசி விதி மறுபக்கமும் வெட்டும். வட்டக்களரியில் கூத்து எடுக்கிறவர்கள், ஒருவர் தனித்து ஆடும்போது போனை நிமிர்த்தியும், எல்லோரும் சேர்ந்து சுற்றி வரும்போது படுக்கவைத்தும் ஒரே பதிவில் எடுப்பதைப் பார்க்கலாம். திருப்பிய இடத்திலிருந்து கூத்தர்கள் சுவரில் நடப்பதுபோல வரும். திசையை மாற்றத்தான் வேண்டுமென்றால் பதிவை நிறுத்திப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் அடிக்கடி மேலிருந்து எடுக்கிறவர்களுக்கு Open Camera என்ற இலவசச் செயலி உதவும். அதன் அமைப்புகளில் Lock photo/video orientation என்பதை Portrait ஆக வைத்தால், உணரி என்ன சொன்னாலும் வீடியோ நிமிர்ந்தே பதிவாகும்.

ஃபோட்டோவில் பார்த்து வீடியோவில் எடுப்பது

ஃபோட்டோ நிலையில் சட்டியைச் சரியாகப் பொருத்திவிட்டு, வீடியோவுக்கு மாற்றி உடனே பட்டனை அழுத்துவது இன்னொரு வழக்கமான பிழை. வீடியோவில் ஆட்டத்தைக் குறைப்பதற்காகப் போன் ஓரங்களை வெட்டி எடுக்கிறது, அதனால் காட்சி நெருங்கி வரும். 4K இல் சில போன்களில் இன்னும் நெருங்கும். ஆகவே எந்த நிலையில் பதிவு செய்யப் போகிறீர்களோ அதிலேயே வைத்துப் பொருத்துங்கள். விகிதம் கேட்கும் போன்களில் 9:16 ஐத் தெரிவு செய்யுங்கள். Full என்பது உங்கள் திரையின் வடிவம். அது 9:16 ஐவிட ஒடுங்கி நீண்டது, ரீல்ஸில் போடும்போது மேலும் கீழும் வெட்டுப்படும்.

சட்டியை எங்கே வைப்பது

ரீல்ஸ், ஷோர்ட்ஸ் இரண்டுக்கும் முழுப் பிரேம் 1080 பிக்சல் அகலம், 1920 உயரம். இதன் மேல் செயலிகள் தங்கள் பொருட்களை அடுக்குகின்றன. கீழே கணக்கின் பெயர், விவரணம், பாட்டின் பெயர். வலப்பக்கம் லைக், கொமண்ட், ஷெயார். மேலே செயலியின் தலைப்பு. ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா சொல்லும் அளவு மேலே 14 வீதம், கீழே 35 வீதம், இரு பக்கமும் 6 வீதம் எழுத்தில்லாமல் விடுவது. வலப்பக்கத்தில் 6 வீதம் போதாது, ஏனென்றால் பட்டன் வரிசை அதைவிட அகலம். ஷோர்ட்ஸையும் சேர்த்துப் பார்த்தால் வலப்பக்கம் 190 பிக்சல் விடுவதே பாதுகாப்பு. மேலே 290, கீழே 670 என்று வைத்துக்கொண்டால் ஒரே வீடியோவை இரண்டிலும் போடலாம்.

எடுக்கும்போது பிக்சலை யாரும் அளக்க முடியாது. அதற்கு மூன்றுக்கு மூன்று கட்டக் கோடுகளை இயக்குங்கள் (ஐபோனில் Settings → Camera → Grid, சாம்சுங்கில் கமரா அமைப்புகளில் Grid lines). 1920 ஐ மூன்றாகப் பிரித்தால் ஒரு வரிசை 640. கீழே விட வேண்டியதும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே கீழ் வரிசை முழுவதும் செயலிக்குச் சொந்தம், மேல் வரிசையில் மேற்பாதியும் வலது நிரலில் வலப்பாதியும் அதற்கே. மிஞ்சுவது நடு வரிசையும் மேல் வரிசையின் கீழ்ப்பாதியும். இதை ஒருமுறை கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் பிறகு எண்கள் தேவையில்லை.

இப்போது வாய் 20 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு தயிர்ச் சட்டியை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் 190 பிக்சல் விட்டால் நடுவில் 700 மிஞ்சும். சட்டியின் வாய் அந்த 700 ஐ நிரப்ப வேண்டும். அப்படியென்றால் முழுப் பிரேமும் மேசையில் ஏறக்குறைய 31 சென்ரிமீற்றர் அகலமும் 55 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட இடத்தைப் பிடிக்கும். சாதாரண 1x கமராவில் இதற்குப் போன் சட்டியின் வாய்க்கு மேலே அரை மீற்றர் அளவில் நிற்கும். மேசையில் அந்தச் செவ்வகத்தின் நான்கு மூலையிலும் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டிவிடுங்கள். சட்டியை மாற்றி மாற்றி வைத்தாலும் இடம் பிசகாது.

பழக்கத்தில் கை சட்டியைப் பிரேமின் நட்ட நடுவில் வைக்கும். அப்படி வைத்தால் கீழ் விளிம்பு கீழ் வரிசைக்குள் இறங்கி, விவரண எழுத்தோடு மோதும். சட்டியைக் கொஞ்சம் மேலே நகர்த்தி, கீழ் விளிம்பு கீழ்க் கோட்டைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே நிற்கும்படி வையுங்கள். மேல் விளிம்பு மேல் கோட்டைத் தாண்டிச் சிறிது ஏறி நிற்கும். அதற்கு மேலே இரண்டு வரி எழுத்துக்கு அளவான இடம் கிடைக்கும். பெயரும் விலையும் போக வேண்டிய இடம் அதுதான்.

கீழ் வரிசையை வெறுமையாக விட வேண்டும் என்றில்லை. பாணிப் போத்தலைப் பிடித்த கை கீழிருந்து வரட்டும். கை மறைந்தால் நட்டமில்லை, பாணி விழும் இடம் மறையக்கூடாது. வலப்பக்கத்திலிருந்து ஊற்றினால் போத்தலின் வாய் லைக் பட்டனுக்குக் கீழே போய்விடும். கீழ்ப் பகுதியில் வெள்ளைத் துணியை விரிப்பதையும் தவிருங்கள். விவரண எழுத்து வெள்ளை, அதன் பின்னால் வாழையிலையோ நிறமுள்ள பாயோ இருந்தால்தான் வாசிக்க முடியும்.

எழுத்தில் விடும் பிழை

விலையையும் போன் இலக்கத்தையும் அடியில் போடுவது சுவரொட்டியில் வந்த பழக்கம். ரீல்ஸில் அடி என்பது மறையும் இடம். மேலே சொன்ன இரண்டு வரி இடத்துக்குள் அவற்றைக் கொண்டுவாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. “மட்டக்களப்பிலிருந்து” என்ற ஒரு சொல்லே வரியின் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். அதற்காக எழுத்தைச் சிறிதாக்காமல் சொல்லைக் குறையுங்கள். “எருமைத் தயிர்” ஒரு வரி, லீட்டர் விலை ஒரு வரி, அவ்வளவு போதும். போன் இலக்கத்தை அடுத்த காட்சியில் அதே இடத்தில் காட்டலாம். விவரணத்திலும் எழுதிவிடுங்கள்.

மேலே 290 விடுவதால் இன்னொரு பயன் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து இன்ஸ்டகிராம் புரொஃபைலின் கட்டங்கள் சதுரத்திலிருந்து 3:4 ஆக மாறின. 1080 க்கு 1920 அட்டைப்படத்தில் மேலும் கீழும் 240 பிக்சல் அதில் வெட்டுப்படும். 290 க்குக் கீழே தொடங்கும் தலைப்பு அதற்குள் தப்பிவிடும்.

போடும் முன் சரிபார்க்க ஒரு வழி: உங்கள் போனில் ஓடும் ஏதாவது ஒரு ரீலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வீடியோ தெரியும் பகுதியை மட்டும் வெட்டி, எடிட் செயலியில் உங்கள் வீடியோவின் மேல் அடுக்காக வைத்து, 30 வீதமாக மங்கச் செய்யுங்கள். பட்டன் எந்த எழுத்தின் மேல் ஏறுகிறது என்று உடனே தெரியும். ஏற்றுமதிக்கு முன் அந்த அடுக்கை அழிக்க மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே படுத்துப்போயிருந்தால்

இதில் இரண்டு வகை உண்டு, மருந்தும் வேறு. போனை நிமிர்ந்த பிரேமுக்காகவே வைத்து எடுத்து, திசை மட்டும் பிழையாக எழுதப்பட்டிருந்தால், கலரியின் எடிட்டில் 90 பாகை திருப்பினால் போதும். காட்சியில் எதுவும் இழப்பதில்லை.

போனை உண்மையிலேயே படுக்கவைத்து எடுத்திருந்தால் நடுவிலிருந்து வெட்டத்தான் வேண்டும். 1920 க்கு 1080 வீடியோவில் நிமிர்ந்து வெட்டினால் அகலம் 608 பிக்சல் மட்டுமே கிடைக்கும், அதை 1080 ஆக இழுக்கும்போது தயிரின் மேற்பரப்பு மசமசவென்று ஆகிவிடும். 4K இல் எடுத்திருந்தால் வெட்டிய பின்னும் 1215 க்கு 2160 மிஞ்சும், அது தாராளம். எந்தப் பக்கம் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாத கூத்து, திருவிழா போன்றவற்றை 4K இல் எடுப்பது இதற்காகத்தான். எடிட் செய்கிறவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் Document ஆக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கி, வெட்டுவதற்கு இருந்த இடத்தையும் இல்லாமல் செய்துவிடும்.