ஓவன் திருகியில் 180, உள்ளே 155

எங்கள் வீட்டு ஓ.டி.ஜி. மின்சார ஓவனில் வெண்ணெய் கேக் மேலே அழகாகச் சிவந்துவிடும். வெளியே எடுத்துச் சிறிது நேரத்தில் நடுப்பகுதி அமுங்கிவிடும். வெட்டினால் பள்ளத்தின் அடியில் ஈரமான பட்டை தெரியும். வேகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, கேக் வைக்கும் இடத்திலேயே நிறுத்தினேன். திருகி 180 டிகிரி செல்சியஸ் காட்டியது. 20 நிமிடம் கழித்தும் உள்ளே 155தான். தெர்மோஸ்டாட் சூட்டை விட்டுவிட்டு ஏற்றுவதால் முள் ஏறி இறங்கும். ஆகவே கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகச் சிலமுறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

கேக் மாவுக்குள் உண்டாகும் வாயுக் குமிழ்கள்தான் அதை உயர்த்துகின்றன. மாவு வெந்து இறுகினால் அந்த உயரம் நிற்கும். சூடு போதாதபோது நடுப்பகுதி இறுகுவதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுகிறோம், அது தாங்காமல் சரிகிறது.

மேற்புறச் சிவப்புதான் என்னை இவ்வளவு காலம் ஏமாற்றியது. தட்டு மேல் கம்பிக்கு மிக அருகில் இருந்தது. ஒரு படி கீழே இறக்கி, பாத்திரம் ஓவனின் நடு உயரத்தில் இருக்குமாறு வைத்தேன். திருகியை 205க்கு நகர்த்தியதும் தெர்மாமீட்டர் 180 காட்டியது. கேக் சமமாக எழுந்தது, அமுங்கவில்லை.

பின்பக்கம் மட்டும் சற்று முன்னதாகவே சிவக்கிறது. முக்கால்வாசி நேரம் கடந்து, நடுப்பகுதி இறுகிய பிறகே பாத்திரத்தைத் திருப்பி வைக்கிறேன். இந்த 25 டிகிரி வித்தியாசம் எல்லாச் சூட்டிலும் ஒன்றல்ல. 150இல் என் ஓவன் 10 டிகிரிதான் குறைகிறது.