கிரந்த எழுத்தில் தொடங்கும் சொல்லை அகராதியில் தேடுவோர் செய்யும் தவறுகள்

'ஸ்தலம்' என்ற சொல்லுக்குப் பொருள் பார்க்க வேண்டும். அச்சு அகராதியைக் கையில் எடுத்ததும் பலர் 'ச' பகுதியைப் புரட்டுவார்கள். அங்கே கிடைக்காது. ஒரு பக்கம் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இந்த அகராதியில் இந்தச் சொல்லே இல்லை என்று மூடி வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் சொல் உள்ளே இருக்கும். அது எந்த வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறது என்பதுதான் தெரியாமல் போகிறது.

எல்லா அகராதிகளும் கிரந்த எழுத்துகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சில அகராதிகளில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை தமிழ் எழுத்துகள் எல்லாம் முடிந்தபின் கடைசியில் வரும். சிலவற்றில் 'ச'வை அடுத்து 'ஜ' வரலாம். இன்னும் சிலவற்றில் அவற்றுக்குத் தனி இடமே இருக்காது. சொல் தமிழ் வடிவத்துக்கு மாற்றப்பட்டு அந்த வடிவத்தின் கீழ் நிற்கும். கணினியிலும் கைபேசியிலும் பழகியவர்களுக்கு இதில் கூடுதல் குழப்பம். ஒருங்குறி அட்டவணையில் 'ஜ' என்பது 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் இருக்கிறது. ஷ, ஸ, ஹ மூன்றும் 'வ'வுக்குப் பிறகு இருக்கின்றன. அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு அச்சு நூலைப் புரட்டினால் ஏமாற்றம்தான்.

இதைக் கண்டுபிடிக்க முன்னுரை முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. அகராதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்; பல தொகுதிகள் என்றால் கடைசித் தொகுதியின் கடைசிப் பக்கம். தமிழ்ச் சொற்களுக்கு முதலெழுத்தாக வருபவற்றில் இறுதியானது 'வ'. ழ, ள, ற, ன நான்கும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆகவே கடைசிச் சொற்கள் 'ஹ'வில் இருந்தால் கிரந்தச் சொற்கள் பின்னால் தனியாக உள்ளன என்று அர்த்தம். 'வை', 'வௌ' என்று முடிந்திருந்தால் 'ச' முடிந்து 'ஞ' தொடங்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கேயும் 'ஜ' இல்லையென்றால் தமிழ் வடிவத்தைத்தான் தேட வேண்டும். பின்னிணைப்பு உள்ள அகராதியில் முதன்மைப் பகுதி எங்கே முடிகிறது என்று கவனித்தால் போதும்.

சரி, 'ஸ'வுக்குத் தனி இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 'ஸ்தலம்' முதல் பக்கத்தில் கிடைக்காது. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது என்பதால், சொல்லின் முதலிலேயே மெய் வந்தால் அது எந்த இடத்தில் நிற்கும் என்று நாம் யோசித்ததே இல்லை. ஆனால் சொல்லின் நடுவில் வரும் மெய்யை வைத்து விடையைப் பிடித்துவிடலாம். உங்கள் அகராதியில் 'அகோரம்' முன்னால் இருக்கிறதா, 'அக்கா' முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமான தமிழ் அகராதிகளில் அக, அகா, அகி என்று உயிர்மெய் எல்லாம் முடிந்த பிறகுதான் 'அக்' வரும். அதே கணக்கில் ஸ, ஸா, ஸி என்று போய் எல்லாம் முடிந்தபின் 'ஸ்' தொடங்கும். அதற்குள் ஸ்த, ஸ்ந, ஸ்ப, ஸ்வ என்று அடுத்த எழுத்தின் வரிசைப்படி சொற்கள் அமையும். 'ஸ்தலம்' அங்கே இருக்கும். 'க்ஷ' இன்னும் வழுக்கும். அதை 'க்' சேர்ந்த கூட்டெழுத்தாகக் கொண்டால் 'க' பகுதியின் இறுதிக்குப் போய்விடும். தனி எழுத்தாகக் கொண்டால் கிரந்த எழுத்துகளோடு சேரும். இரண்டு இடத்தையும் பார்ப்பதே பாதுகாப்பு.

தனி இடம் இல்லாத அகராதியில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கிரந்த எழுத்து எதுவானாலும் 'ச' போட்டால் போதும் என்ற நம்பிக்கை. ஜலம் சலம் ஆகும், ஜோதி சோதி ஆகும், ஷண்முகம் சண்முகம் ஆகும், ஸபை சபை ஆகும், அதுவரை சரி. 'ஹ'வுக்கு அது பொருந்தவே பொருந்தாது. சொல்லின் முதலில் 'ஹ' மறைந்து அதன் உயிர் மட்டும் மிஞ்சும்: ஹாரம் ஆரமாகும், ஹிதம் இதமாகும், ஹீனம் ஈனமாகும், ஹோமம் ஓமமாகும். ஹரன் அரன் ஆவதையும் மோஹம் மோகம் ஆவதையும் நன்னூல் வடமொழியாக்க விதியிலேயே காணலாம். அதாவது முதலில் வந்தால் உயிர், நடுவில் வந்தால் 'க'. முதலெழுத்தைத் தேடும்போது 'க'வுக்குப் போகத் தேவையில்லை. 'க்ஷ' முதலில் வந்தால் ஒரே பாதை கிடையாது: க்ஷணம் கணம் ஆகிறது, க்ஷேமம் சேமம் ஆகிறது. ஆக க, ச இரண்டிலும் பாருங்கள்.

இப்போது 'ஸ்தலம்'. 'ச' போட்டுச் 'சதலம்' என்றோ 'சித்தலம்' என்றோ தேடினால் ஒன்றும் அகப்படாது. ஸகரம் மெய்யாக நின்று அடுத்து வல்லின எழுத்து வந்தால், அந்த ஸகரம் பெரும்பாலும் அப்படியே உதிர்ந்துவிடும். ஸ்தலம் தலம். ஸ்துதி துதி. ஸ்படிகம் படிகம். ஸ்பரிசம் பரிசம். தேட வேண்டிய இடம் த, ப. அடுத்து வருவது வகரமாக இருந்தால் உதிராமல் இடையில் உகரம் சேரும்: ஸ்வாமி சுவாமி ஆகி, பேச்சில் சாமியும் ஆகிவிட்டது. நகரம் வந்தால் இரண்டு வழியும் உண்டு. ஸ்நேகம் என்பது சிநேகம் என்றும் இருக்கிறது, நேயம் என்றும் இருக்கிறது.

தமிழ் வடிவத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. 'ஸ்வரம்' என்ற சொல்லைத் தேடிச் 'சுரம்' என்ற இடத்துக்கு வருகிறீர்கள். பாலைநில வழியைக் குறிக்கும் தமிழ்ச் சொல் 'சுரம்' அங்கே இருக்கும். காய்ச்சலைக் குறிக்கும் ஜ்வரமும் 'சுரம்' ஆகி அங்கேயே வந்திருக்கும். இசையின் ஸ்வரமும் அதே வடிவில் நிற்கும். மாற்றத்தில் ஜகரமும் ஸகரமும் ஒன்றாகிவிடுவதால் இப்படி நேர்கிறது. நல்ல அகராதிகள் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்து, தலைச்சொல்லின் தோளில் சிறிய எண் இடும். அந்த எண்கள் எல்லாவற்றையும் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், வேர்ச்சொல்லை ரோமன் எழுத்தில் தருகிறது. அங்கே jvara என்றிருக்கிறதா svara என்றிருக்கிறதா என்று பார்த்தாலே உங்களுடைய சொல் எது என்று முடிவாகிவிடும். வேர் தராத சிறிய அகராதியில், நீங்கள் படித்த வாக்கியத்தில் எந்தப் பொருள் உட்காருகிறது என்று வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தேடும் எழுத்தே தவறாக இருப்பதும் உண்டு. 'ஷக்தி', 'ஸாந்தி' என்றெல்லாம் காதில் விழுந்தபடியோ அழகுக்காகவோ எழுதுகிறார்கள். அந்தச் சொற்களின் மூல எழுத்து ஷகரமும் இல்லை, ஸகரமும் இல்லை. தமிழில் நெடுங்காலமாகச் 'ச' என்றே எழுதப்படும் மூன்றாவது எழுத்து. சக்தி, சாந்தி என்று 'ச'வில் பாருங்கள். ஷ, ஸ பகுதிகளில் கிடைக்காத எந்தச் சொல்லுக்கும் இதை ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

அப்புறம், சொல் கிடைத்தும் அதன் எதிரே 'காண்க' என்று வேறொரு வடிவம் மட்டும் இருந்தால் அங்கே நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வடிவங்களையும் தரும் அகராதிகள் விளக்கத்தை ஒன்றின் கீழ்தான் எழுதும். அந்த வடிவத்துக்குப் போனால்தான் முழுப் பொருளும், இருந்தால் மேற்கோளும் கிடைக்கும்.