துரையிடம் குறை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைத் தோட்டங்களுக்குப் புதிதாக வரும் வெளிக்கள உத்தியோகத்தர்கள் பலர், சில மாதங்களுக்குள்ளேயே தோட்ட முகாமையாளரான துரையோடு முறுகிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொன்ன விஷயம் சரியாகத்தான் இருக்கும். சொன்ன விதத்தால், அந்த விஷயம் பேசப்படாமலே போய்விடுகிறது. கோபத்தில் சத்தம் போடக்கூடாது, பின்னால் போய்ப் புறம் பேசக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. கவனத்துக்கு வராத தவறுகளை மட்டும் இங்கே பார்க்கலாம்.

பெரட்டுக்களத்தில் வேண்டாம்

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தத் துரையும் தன் முடிவை மாற்றிக்கொள்ள மாட்டார்.

'எல்லாரும் சொல்றாங்க'

இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதனால் ஏற்படும் சேதமும் அதிகம். தனியாகச் சொன்னால் எடுபடாது என்ற பயத்தில் புதியவர் ஊரையே துணைக்கு அழைக்கிறார்: "சேர், நீங்க வேலையை மாத்தி மாத்திக் குடுக்கிறீங்கனு எல்லாரும் சொல்றாங்க." தனக்கு ஒரு கேடயம் கிடைத்ததாக அவர் நினைக்கிறார். துரையின் காதிலோ, தனக்குத் தெரியாமல் ஒரு கூட்டம் பேசியிருக்கிறது என்றுதான் விழும். தொழிற்சங்கப் பேச்சு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும் தோட்டத்தில் அந்தச் சந்தேகம் இரட்டிப்பாகும். அடுத்த நொடி அவர் கேட்பது "யார் சொன்னது?" என்பதுதான். பெயர் சொன்னால் ஒரு கங்காணியோ கணக்கப்பிள்ளையோ மாட்டிக்கொள்வார்; பிறகு உங்களிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெயர் சொல்லாவிட்டால் நீங்களே கட்டிச் சொன்னதாக ஆகிவிடும். இரண்டு வழியிலும் பேச்சு 'யார்' என்பதைச் சுற்றியே போய், வேலையை மாற்றிக் கொடுப்பது பற்றி ஒரு வார்த்தைகூட வராது.

ஓர் உத்தியோகத்தருக்கு நடந்தது இது. அவர் இப்படித் தொடங்கியதும் துரை மறுநாளே கங்காணிமார் மூவரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மூவரும் "நாங்க ஒண்ணும் சொல்லலீங்க" என்றார்கள். உண்மையைச் சொன்ன உத்தியோகத்தர் பொய்யராக நின்றார். அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும் துரை வேறு ஆளிடம் கேட்டுச் சரிபார்க்கத் தொடங்கினார்.

நீங்கள் நேரில் கண்டதை, நடந்த ஒரு நாளை வைத்து, உங்கள் பெயரில் சொல்வதே இதற்கு மாற்று. மற்றவர்களுடைய குரலுக்குப் பதிலாக கொழுந்து நிறுவைப் புத்தகத்தையும், பேர் பதியும் செக்ரோலையும் கொண்டுபோங்கள். அவற்றில் இருப்பதை மறுப்பதும் கடினம், அவற்றுக்காக எவரையும் பழிவாங்கவும் முடியாது.

ஓர் உதாரணம். 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போடும் தோட்டம் என்று வையுங்கள். காலையில் பெரட்டில் 42 பேரை 7ஆம் நம்பர் மலைக்குப் பிரித்து அனுப்பியாயிற்று. 8.30க்குத் துரை கோல் எடுத்து, எல்லோரையும் 3ஆம் நம்பருக்கு மாற்றச் சொல்கிறார். நடை 40 நிமிடம். 42 பேருக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 28 மணித்தியாலம் கொழுந்து பறிக்காமல் போயிருக்கிறது. இதை இப்படிச் சொல்லலாம்:

"சேர், போன செவ்வாய்க்கிழமை 42 பேரை 8.30க்கு 7லருந்து 3க்கு மாத்தினோம். நடக்கவே 40 நிமிஷம் போச்சு. அன்னைக்கு 18 கிலோவுக்குக் குறைஞ்சவங்க 15 பேர். 7ஆம் நம்பரும் மூணு நாள் பிந்திப் போச்சு. மாத்துறதா இருந்தா முந்தின நாள் பின்னேரம் சொன்னீங்கன்னா, பெரட்டிலேயே பிரிச்சிடுவேன்."

இதில் நாள் இருக்கிறது, நடந்தது இருக்கிறது, அதனால் வந்த நட்டம் இருக்கிறது, கேட்பதும் ஒன்றே ஒன்றுதான். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற வார்த்தைக்கு இடமில்லை. 7 நாளில் மறுபடி பறிக்கவேண்டிய மலை 10 நாளானால் கொழுந்து முற்றும், பெக்டரியிலிருந்து முறைப்பாடு வரும். அது துரைக்கும் தலைவலி. ஆகவே நட்டத்தைச் சொல்லும்போது உங்கள் சிரமத்தைவிட அவருக்கு வரப்போகும் சிக்கலை முன்னால் வையுங்கள்.

சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அமைதியைப் பொறுக்க முடியாமல் இரண்டாவது, மூன்றாவது குறையை அள்ளிப் போடுகிறவர்கள் அதிகம். துரை அவற்றில் பதில் சொல்ல இலகுவானதை மட்டும் எடுத்துக்கொள்வார். அவர் பக்கக் காரணம் வரட்டும். "3ஆம் நம்பர்ல கொழுந்து முத்திப்போச்சுனு பெக்டரி டீமேக்கர் காலையிலதான் சொன்னாரு" என்று அவர் சொல்லக்கூடும். அது நியாயமான காரணம். அப்போது, "அப்படி அவசரம்னா மத்தியான நிறுவைக்குப் பிறகு மாத்தலாமா சேர்? அப்ப எப்படியும் ஆள் நகர்றாங்க" என்று ஒரு வழியை வைக்கலாம். முழுதாக ஒப்புக்கொள்ளாவிட்டாலும் காலை மாற்றம் குறையும்.

ஏற்கனவே "எல்லாரும்" என்று சொல்லிவிட்டீர்களா? "யார்?" என்று கேட்டால் "அதை விடுங்க சேர், நான் கண்டதை மட்டும் சொல்றேன்" என்று உடனே புத்தகத்துக்குத் திரும்புங்கள். மற்றவர்களுக்கும் உண்மையிலேயே சொல்ல இருந்தால், அவர்களே வந்து பேசச் சம்மதமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சம்மதம் இல்லாதவரின் கருத்தை எடுத்துச் செல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

நேரம் தெரியாமல் போய் நிற்பது

செக்ரோல் முடிக்கும் நாட்களும், சம்பள நாளும், கம்பனி ஆட்கள் வரும் நாளும் வேண்டாம். மாலை நிறுவை முடிந்து அடுத்த நாள் வேலையைப் பேசும் நேரமே நல்லது. விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லி நேரம் கேளுங்கள்: "சேர், நாளைய வேலையைப் பேசினதும் பத்து நிமிஷம் வேணும். பெரட்டில ஆள் பிரிக்கிறதைப் பத்தி." வெறும் "ஒரு விஷயம் பேசணும்" என்றால், அதற்குள் அவர் எதையெதையோ நினைத்துக்கொண்டு வந்து உட்காருவார்.

வாட்ஸ்அப்பில் நீட்டி எழுதுவது

வேண்டாம். எழுத்தில் குரல் இல்லை. அனுப்பியதை யாருக்கும் காட்டலாம். பேசி ஒத்துக்கொண்டதை மட்டும் இரண்டு வரியில் அனுப்புங்கள்: "பேசினபடி, மாற்றம் இருந்தா பின்னேரம் 6க்கு முன்னே சொல்றதா முடிவு. நன்றி சேர்."

சின்னத் துரையைத் தாண்டிப் போவது

குறை உதவி முகாமையாளரான சின்னத் துரையைப் பற்றியதென்றால் முதலில் அவரிடம்தான் பேசவேண்டும். பெரிய துரையிடம் நேரே போனால் அவரும் "அவருட்டச் சொன்னீங்களா?" என்றுதான் கேட்பார்.

மாறியதைக் கவனிக்காமல் விடுவது

இரண்டு கிழமை குறித்துக்கொள்ளுங்கள்: எந்தெந்த நாள் மாற்றம் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது. முதன்முறை முந்திய நாளே சொல்லிவிட்டாரென்றால் மறுநாள் மாலை ஒரு வரி சொல்லுங்கள்: "நேத்தே சொன்னதால காலை நிறுவை நேரத்துக்கு முடிஞ்சுது சேர்." பழையபடி திரும்பினால் புதுக் குறையாகத் தொடங்காமல், அந்தக் குறிப்போடு போய் முன்பு பேசியதை நினைவூட்டுங்கள்.

எல்லாவற்றையும் இப்படியே பேசிவிடலாம் என்று நினைப்பது

பேர் வெட்டுவது, சேமலாப நிதிக் கணக்கில் குளறுபடி, பெண்களிடம் தவறாக நடப்பது போன்றவை தனியே உட்கார்ந்து பக்குவமாகப் பேசித் தீர்க்கும் விஷயங்கள் அல்ல. திகதியோடு எழுத்தில் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தோட்ட உத்தியோகத்தர் சங்கத்துக்கோ தொழில் திணைக்களத்துக்கோ போகவேண்டியதாக இருந்தால், துரை என்ன நினைப்பார் என்று பார்த்துத் தாமதிக்காதீர்கள்.