பெனால்டி கார்னர்: ஃபிளிக்குக்கு முன்பே நடக்கும் தவறுகள்

ஹாக்கியில் பெனால்டி கார்னர் வீணாகிவிட்டால் பழி, பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலுக்கு வீசும் ஃபிளிக்கர் மேல்தான் விழும். ஆனால் பல நேரம் அவர் பந்தைத் தொடுவதற்கு முன்பே காரியம் கெட்டிருக்கும்.

பந்தை அருகிலுள்ள கோல்போஸ்ட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, கோல் பக்கத்து எல்லைக்கோடான பேக்லைன் மேல் வைப்பார்கள். அங்கிருந்து, கோலுக்கு முன்னுள்ள அரைவட்டமான டியின் உச்சிக்கு ஏறக்குறைய 19 மீட்டர். இவ்வளவு தூரமும் பந்து தரையை ஒட்டியே உருள வேண்டும். பேக்லைனிலிருந்து பந்தைத் தள்ளிவிடும் இன்ஜெக்டர், தள்ளி முடிக்கும் முன் நிமிர்ந்துவிட்டால் பந்து துள்ளும். அதை வாங்கி நிறுத்தும் ஸ்டாப்பரின் ஸ்டிக்கில் அது நிற்காது. இன்னொரு தவறு, டிஃபெண்டர்களை ஏமாற்றப் பந்தைத் தள்ளுவதுபோல் பாவனை காட்டுவது. அப்படிச் செய்தவரை நடுவர் சென்டர் லைனுக்கு அப்பால் அனுப்பிவிடுவார், இன்ஜெக்‌ஷனை வேறொருவர் எடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்டாப்பர் பந்தை நிறுத்தும் இடத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பந்து டியை விட்டு முழுவதுமாக வெளியே வந்தால்தான் கோல் செல்லுபடியாகும். கோடும் டியைச் சேர்ந்ததே. கோட்டின் மேல் நின்ற பந்து வெளியே வந்ததாகாது. அதற்குப் பயந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தினால், பந்தை உள்ளே கொண்டுபோகவே ஃபிளிக்கரின் இழுப்பு தீர்ந்துவிடும், ஷாட்டைத் தடுக்கக் கோலிலிருந்து ஓடி வரும் ரஷரும் அதற்குள் நெருங்கிவிடுவார். கோட்டுக்கு வெளியே ஓர் அடி, அதிகம் போனால் ஒன்றரை அடி போதும்.

டிராக் ஃபிளிக்கில் பந்து வலது காலருகே ஸ்டிக்கில் ஏறி, நீட்டி வைத்த இடது காலைத் தாண்டிய பிறகே விடுபட வேண்டும். நடுவில் 'டக்' என்று சத்தம் கேட்டால் பந்து ஸ்டிக்கை விட்டுப் பிரிந்து மறுபடி மோதியிருக்கிறது என்று அர்த்தம். முதுகைத் தாழ்த்தாமல் ஓடி வருபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இடது தோள் கோலைப் பார்த்திருக்கும்போதே இழுப்பைத் தொடங்க வேண்டும். மார்பு முன்னதாகவே திரும்பிவிட்டால் இடுப்பின் விசை போய், கை பலம் மட்டுமே மிஞ்சும். உயரத்துக்கு வரம்பில்லை என்பதுதான் ஃபிளிக்கின் லாபம், ஆபத்தாக மட்டும் இருக்கக் கூடாது. முதல் ஷாட்டை ஹிட்டாக அடித்தால் பந்து கோலின் 460 மி.மீ. பலகை உயரத்துக்குள் கோல்கோட்டைக் கடக்க வேண்டும்.

தடுக்கும் பக்கம் கோல்கீப்பரோடு ஐந்து பேர்தான். முதல் ரஷர் பந்தைத் தன் வலப்பக்கம், ஸ்டிக் எட்டும் கோட்டில் வைத்து ஓட வேண்டும். உடம்பைக் குறுக்கே போட்டு ஓடுவது வீரம்போலத் தெரியும். ஸ்டிக்கால் பந்தை ஆட முயலாமல் ஷாட்டுக்குள் பாய்ந்தால் ஆபத்தான ஆட்டம் என்று நடுவர் அவர் மீதே விசில் ஊதுவார். 5 மீட்டருக்குள் முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு பெனால்டி கார்னர்.

இன்ஜெக்டர் பந்தைத் தள்ளும் முன்பே முந்திக்கொண்டு கிளம்புவது இதைவிட மோசம். கிளம்பியவர் சென்டர் லைனுக்கு அப்பால் போக, மீதி நால்வரோடு அதே கார்னரைத் திரும்பச் சந்திக்க வேண்டும். நேரம் முடிந்தாலும் கார்னர் முடியும்வரை ஆட்டம் நீளும் என்பதால் கடைசி நொடியிலும் இதில் தப்பிக்க வழியில்லை. டோக்கியோ ஒலிம்பிக் வெண்கலப் போட்டியில் இந்தியா 5-4 என முன்னிலை வகிக்க, ஆறு நொடி மிச்சமிருக்கும்போது ஜெர்மனிக்குக் கார்னர் கிடைத்தது. அந்த ஷாட்டை இந்தியக் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார்.